இல்லாத எக்ஸ் ஸ்குவயருக்கும் ஒரு இடம்: பல்லுறுப்பி லோங் டிவிஷன்ல பூச்சியம் ஏன் எழுதணும்

சாயங்காலத்துல எங்க வீட்டு விறாந்தையில நாலஞ்சு பிள்ளைங்க வந்து உக்காந்து கணக்கு செய்வாங்க, எல்லாம் தலவாக்கலைப் பக்கத்து தோட்டங்கள்ல இருந்து வர்றவங்க, இப்பத்தான் ஏ.எல். இணைந்த கணிதம் தொடங்கினவங்க. போன வாரம் அதுல ஒரு தங்கச்சி கொப்பிய என் மடியில வச்சிட்டு சொன்னா, "அக்கா, கூட்டல் கழித்தல் எல்லாம் மூணு தரம் பாத்துட்டேன், ஒரு பிழையும் இல்ல, ஆனா விடை மட்டும் வர மாட்டேங்குது". நானும் வரி வரியா பாத்தேன், அவ சொன்னது உண்மைதான், போட்ட கழித்தல் ஒவ்வொண்ணும் சரி. பிழை கழித்தல்ல இல்ல, கணக்க தொடங்குறதுக்கு முன்னாடி முதல் வரியிலேயே நடந்து முடிஞ்சிருச்சு.

அவ செய்த கணக்கு இதுதான், `2x³ - 5x - 6` ஐ `x - 2` ஆல வகுக்கணும். நல்லா பாருங்க, எக்ஸ் கியூப் இருக்கு, எக்ஸ் இருக்கு, தனி எண் இருக்கு, எக்ஸ் ஸ்குவயர் இல்ல. அவ கொப்பியில இருந்தது இப்படி:

```
          2x² - 1
        ------------------
x - 2 ) 2x³ - 5x  - 6
        2x³ - 4x²
        ---------
            - x   - 6
            - x   + 2
            ---------
                  - 8
```

ஈவு `2x² - 1`, மீதி `-8`. பாக்க எவ்வளவு ஒழுங்கா இருக்கு, அதுதான் இந்தப் பிழையில உள்ள பெரிய ஆபத்து, பாதி வழியில எங்கயும் முட்டாது, கடைசி வரைக்கும் சுகமா ஓடி முடிஞ்சிரும். ரெண்டாவது வரிய மட்டும் விரல் வச்சு பாருங்க. `2x²` ஐ `x - 2` ஆல பெருக்கினா `2x³ - 4x²` வரும், அது சரி. ஆனா அந்த `-4x²` போய் உக்காந்த இடம் `-5x` க்கு கீழ. அப்புறம் அவ மைனஸ் அஞ்சுல இருந்து மைனஸ் நால கழிச்சு மைனஸ் ஒண்ணுன்னு எடுத்து `-x` எழுதிட்டா. எண்ணுக்கு சரி, ஆனா கழிச்சது எக்ஸ்ல இருந்து எக்ஸ் ஸ்குவயர, அது ரெண்டும் வேற வேற சாமான்.

நான் கேட்டேன், இதுல எக்ஸ் ஸ்குவயருக்கு இடம் எங்க விட்டிருக்கன்னு. "அதுதான் கேள்வியிலேயே இல்லையே அக்கா, இல்லாதத எதுக்கு எழுதணும்?" நியாயமான கேள்வி. இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லாம சும்மா "பூச்சியம் போடு, சேர் சொன்னாரு"ன்னு விட்டா பிள்ளை அடுத்த கணக்குல மறக்கத்தான் செய்யும், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

அவ அம்மா கொழுந்து எடுக்கிறவங்க, அதனால செக்ரோல வச்சே சொன்னேன். செக்ரோல்ல மாசத்துல ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம் இருக்கு இல்லையா, அம்மா பன்னிரண்டாந்தேதி காச்சல்னு பெரட்டுக்கு போகலன்னு வையுங்க, கணக்கப்பிள்ளை என்ன செய்வாரு, அன்னைக்கு பேர் போட மாட்டாரு, ஆனா பன்னிரண்டாந்தேதி கட்டம் அங்கயே கிடக்கும். ஆள் வரலன்னு அந்த கட்டத்தையே எடுத்துட்டா பதிமூணாந்தேதி எடுத்த கொழுந்து பன்னிரண்டுல விழும், பதினாலு பதிமூணுல விழும், மாசக் கடைசி வரைக்கும் எல்லாம் ஒரு நாள் தள்ளிப் போயிரும். கட்டம் ஆளுக்காக இல்ல, தேதிக்காக. அதே மாதிரிதான் லோங் டிவிஷன்ல ஒவ்வொரு நிரலும் ஒரு வலுவுக்காக இருக்கு, அந்த வலுவுல இப்ப ஒண்ணும் இல்லாட்டியும் நிரல் இருக்கணும், ஏன்னா நடுவுல பெருக்கும்போது புதுசா ஒரு ஆள் அந்த நிரலுக்கு வந்து சேருவாரு. நம்ம கணக்குல வந்தது `-4x²`. கேள்வியில எக்ஸ் ஸ்குவயர் இல்லத்தான், வேலை செய்யும்போது வந்துச்சு, வந்தவருக்கு உக்கார இடமில்ல, பக்கத்து நிரல்ல உக்காந்துட்டாரு.

அப்ப சாதாரணமா எழுதும்போது மட்டும் ஏன் பூச்சியம் தேவைப்படல, `2x³ - 5x - 6` னு எழுதினா எல்லாருக்கும் விளங்குதேன்னு கேக்கலாம். நம்ம பழைய தமிழ் எண்கள ஒரு தரம் நினைச்சுப் பாருங்க. அதுல ரெண்டாயிரத்து அஞ்ச ௨௲௫ ன்னு எழுதுவாங்க, ௨ ன்னா ரெண்டு, ௲ ன்னா ஆயிரம், ௫ ன்னா அஞ்சு. நூறு இல்ல, பத்து இல்ல, ஆனா பூச்சியமும் தேவையில்ல, ஏன்னா ஆயிரம்ங்கிற பேரையே பக்கத்துல எழுதியாச்சு. வாயால சொல்லும்போதும் அப்படித்தான், "ரெண்டாயிரத்து அஞ்சு"ன்னு சொல்றோம், நடுவுல பூச்சியம் பூச்சியம்னு யாரும் சொல்றதில்ல. ஆனா 2005 ன்னு இலக்கத்துல எழுதும்போது பேர் கிடையாது, இடம்தான் பேசுது, அங்க ரெண்டு பூச்சியத்த விட்டா 25 ஆயிரும்.

பல்லுறுப்பிய சும்மா எழுதும்போது அது ௨௲௫ மாதிரி, ஒவ்வொரு உறுப்பும் தன்னோட பேர, அதாவது `x³` ங்கிறத, கூடவே தூக்கிட்டு வருது. லோங் டிவிஷன்ல போட்டு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கழிக்கத் தொடங்கின உடனே அது 2005 மாதிரி ஆயிருது, கண்ணு பேரப் பாக்குறதில்ல, மேல கீழ உள்ள எண்ணத்தான் பாக்குது. அந்த மாறுற இடத்துலதான் பூச்சியம் தேவைப்படுது.

இனி எப்படி செய்றதுன்னு பாப்போம், சதுர ரூல் கொப்பி இருந்தா அதுல செய்யுங்க, ரொம்ப உதவி.

முதல் வேலை, வகுபடுற பல்லுறுப்பியோட படிய பாருங்க, அதாவது உள்ளதுல பெரிய வலு. நம்மளது 3. அப்ப நிரல் எத்தனை? மூணு இல்ல, நாலு, ஏன்னா எக்ஸ் இல்லாத தனி எண்ணுக்கும் ஒரு நிரல் வேணும். படியோட ஒண்ணு கூட்டினா நிரல் எண்ணிக்கை, இது எப்பவும் சரி. கணக்க எழுத முன்னமே கொப்பியில மேல பென்சிலால `x³`, `x²`, `x`, `1` ன்னு நாலு தலைப்பு எழுதிருங்க. அப்புறம் ஒவ்வொரு தலைப்புக்குக் கீழயும் அந்தந்த உறுப்ப இறக்குங்க, கேள்வியில உறுப்புகள் ஒழுங்கு மாறி குழம்பிக் கிடந்தா கூட (சில பேப்பர்ல வேணும்னே `-6 + 2x³ - 5x` ன்னு குடுப்பாங்க) தலைப்ப பாத்து இறக்கினா தானா ஒழுங்காயிரும். எந்தத் தலைப்புக்குக் கீழ ஒண்ணும் வரலையோ அங்க பூச்சியம். `0x²`. எழுதின பிறகு ஒரு தரம் எண்ணிப் பாருங்க, நாலு உறுப்பு இருக்கா, இருந்தா தொடங்கலாம்.

```
        2x² + 4x  + 3
        --------------------
x - 2 ) 2x³ + 0x² - 5x - 6
        2x³ - 4x²
        ---------
              4x² - 5x
              4x² - 8x
              --------
                    3x - 6
                    3x - 6
                    ------
                         0
```

`2x³` ஐ `x` ஆல வகுத்தா `2x²`. அத `x - 2` முழுசாலயும் பெருக்கி `2x³ - 4x²`, இப்ப `-4x²` க்கு சொந்த இடம் இருக்கு, `0x²` க்கு நேர் கீழ. கழிச்சா பூச்சியத்துல இருந்து மைனஸ் நால எடுக்கிறது, பிளஸ் நாலு, `4x²`. இந்த ஒரு வரிதான் அந்தத் தங்கச்சி கொப்பியில தொலைஞ்சு போன வரி. அடுத்து `-5x` ஐ இறக்கி `4x²` ஐ `x` ஆல வகுத்தா `4x`, பெருக்கினா `4x² - 8x`, கழிச்சா மைனஸ் அஞ்சுல இருந்து மைனஸ் எட்டு போக `3x`. `-6` ஐ இறக்கி கடைசியா `3`, மீதி பூச்சியம். அப்ப ஈவு `2x² + 4x + 3`, `x - 2` கேள்வியில குடுத்த பல்லுறுப்பிக்கு ஒரு காரணியே. அவளுக்கு மீதி `-8` வந்ததால காரணி இல்லன்னு முடிவு பண்ணி அடுத்த பகுதியும் சேத்து போயிருச்சு, கேள்வி கேட்டதே காரணிப்படுத்தச் சொல்லி.

பூச்சியம் போடாம செய்யவே ஏலாதான்னு கேட்டா, நேர்மையா சொல்லணும்னா ஏலும். அந்த இடத்துல பூச்சியம் எழுதாம ஒரு வெற்றிடம் விட்டாலும் போதும், இல்லாட்டி `-4x²` க்கு ஜோடி இல்லன்னு கண்டுபிடிச்சு தனியா `4x² - 5x - 6` ன்னு எழுதினாலும் விடை சரியாத்தான் வரும். கணிதத்துல விதி ஒண்ணுதான், ஒரே வலு உள்ளத மட்டும்தான் ஒண்ணோட ஒண்ணு கூட்டிக் கழிக்கலாம். பூச்சியம் அந்த விதிய காப்பாத்துற ஒரு ஒழுங்கு. ஆனா வெற்றிடம் விட்டவங்க ரெண்டு வரி தள்ளி அந்த வெற்றிடத்த மறந்து போறத நான் நிறைய தரம் பாத்திருக்கேன், எழுதின பூச்சியம் மறக்காது. குணகங்கள மட்டும் வச்சு செய்ற சுருக்கு முறையில அந்த சலுகை கூட இல்ல, அதுக்கு கீழ வாறேன்.

இப்ப சோதிச்சுப் பாக்குறது. இது பாதிப் பேருக்கு தெரியாது, தெரிஞ்சவங்களும் பிழையான எண்ண வச்சு சோதிக்கிறாங்க. ஈவையும் வகுக்கிறதையும் பெருக்கி மீதிய கூட்டினா பழைய பல்லுறுப்பி வரணும், அத முழுசா பெருக்க நேரம் இல்லாட்டி எக்ஸுக்கு ஒரு எண்ண போட்டு பாக்கலாம். 10 போடுறது சுகம். `2x³ - 5x - 6` ல 10 போட்டா 2000 - 50 - 6, அதாவது 1944. `x - 2` ல போட்டா 8. ஈவு `2x² + 4x + 3` ல போட்டா 243. எட்டு தரம் 243 எவ்வளவு, 1944. சரி. அந்த 243 ஐ திருப்பி பாருங்க, ஈவோட குணகங்கள் 2, 4, 3 அப்படியே இலக்கமா வந்து நிக்குது, நான் சொன்ன இடப்பெறுமதி கதை இதுதான்.

இனி அவ விடைய சோதிங்க. `2x² - 1` ல 10 போட்டா 199, எட்டால பெருக்கினா 1592, மீதி -8 ஐ சேத்தா 1584. வரவேண்டியது 1944. குறையுறது 360. இந்த 360 சும்மா வந்த எண் இல்ல, 400 ல இருந்து 40 போனா 360, அதாவது `4x²` ஆ இருக்க வேண்டியத அவ `4x` ஆ எண்ணிட்டா, எக்ஸ் பத்துன்னா அதுக்கு வித்தியாசம் சரியா 360. எந்த இடத்துல தவறினோம்னு கூட அந்த எண்ணே சொல்லுது, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ஆனா இதுல ஒரு குழி இருக்கு, தயவு செஞ்சு கவனமா வாசிங்க. பிள்ளைங்க சுகமா இருக்கும்னு எக்ஸுக்கு 1 போட்டு சோதிப்பாங்க. போட்டுப் பாருங்க, மேல உள்ளது 2 - 5 - 6, அது -9. அவ பிழையான விடையில ஈவு 2 - 1, அதாவது 1, வகுக்கிறது 1 - 2, அதாவது -1, பெருக்கினா -1, மீதி -8 சேத்தா -9. சரின்னு வருது! பூச்சியம் போட்டாலும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் -6 வரும். ஏன்னா ஒண்ணோட எல்லா வலுவும் ஒண்ணுதான், பூச்சியத்த எத்தனை தரம் பெருக்கினாலும் பூச்சியம்தான், அங்க எக்ஸுக்கும் எக்ஸ் ஸ்குவயருக்கும் வித்தியாசமே தெரியாது. நம்ம பிழை என்ன, எக்ஸ் ஸ்குவயர எக்ஸ்னு எண்ணினது. அப்ப அந்தப் பிழைய பிடிக்க இந்த ரெண்டு எண்ணும் உதவவே உதவாது. 10 போடுங்க, இல்லாட்டி மீதித் தேற்றத்த பாவிச்சு `x - 2` க்கு 2 போடுங்க, 16 - 10 - 6, பூச்சியம், மீதி பூச்சியம்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும். மீதித் தேற்றம் மீதிய மட்டும்தான் சொல்லும், ஈவு சரியான்னு பாக்க 10 தான் நல்லது.

எண் போடாமலேயே சந்தேகப்பட ஒரு அடையாளமும் இருக்கு. அவ ஈவுல `2x²` க்கு அப்புறம் நேரா `-1`, நடுவுல எக்ஸ் இல்ல. ஈவுல ஒரு வலு இல்லாம போறது பிழைன்னு இல்ல, உண்மையாவே அப்படி வரலாம், ஆனா அப்படி வந்தா அந்த இடத்துல கழித்தல் பூச்சியம் ஆகியிருக்கணும். அவ வேலையில எங்கயும் எக்ஸ் ஸ்குவயர் நிரல் பூச்சியமாகல, அந்த நிரலே இல்ல. ஈவுல தாவினா, திரும்பிப் போய் ஏன் தாவினோம்னு பாக்கணும்.

உண்மையா தாவுற கணக்கு ஒண்ணையும் காட்டிர்றேன். `x³ - 2x² + 5x - 4` ஐ `x - 2` ஆல வகுங்க, இதுல எல்லா வலுவும் இருக்கு, எங்கயும் பூச்சியம் எழுதத் தேவையில்ல. முதல் தரம் `x²`, பெருக்கினா `x³ - 2x²`, கழிச்சா ரெண்டுமே போயிருச்சு, `0x²`. இங்க சில பேர் பூச்சியம் வந்துருச்சு கணக்கு முடிஞ்சுதுன்னு ஈவு `x²`, மீதி `5x - 4` ன்னு எழுதிருவாங்க. முடியல. மீதியோட படி வகுக்கிறதோட படிய விட குறைவா இருந்தாத்தான் முடிஞ்சது, `5x - 4` க்கும் `x - 2` க்கும் படி ஒண்ணுதான். `5x` ஐ இறக்கி, ஈவுல எக்ஸ் இடத்துல `+ 0x` எழுதி, அப்புறம் `5`, மீதி `6`. ஈவு `x² + 0x + 5`. விடையா எழுதும்போது `x² + 5` ன்னு எழுதிக்கலாம், வேலை நடக்கும்போது பூச்சியத்த விடாதீங்க.

இப்ப எல்லாரும் மறக்கிற இடம். வகுபடுறதுல பூச்சியம் போட பழகினவங்க கூட வகுக்கிறதுல போட மாட்டாங்க. `x⁴ - 3x³ + 4x + 1` ஐ `x² - 2` ஆல வகுக்கணும்னு வைங்க. மேல எக்ஸ் ஸ்குவயர் இல்ல, அது சட்டுன்னு தெரியும். வகுக்கிறதுல எக்ஸ் இல்ல, அது கண்ணுக்கு படாது, ஏன்னா ரெண்டே ரெண்டு உறுப்பு பாக்க `x - 2` மாதிரியே இருக்கு. பூச்சியம் இல்லாம செய்தா `x²` ஆல பெருக்கி `x⁴ - 2x²` வந்த உடனே கை தன்பாட்டுக்கு அந்த `-2x²` ஐ `-3x³` க்கு கீழ வச்சிரும், பக்கத்து நிரல் அதுதானே. அதனால வகுக்கிறதையும் `x² + 0x - 2` ன்னு எழுதிருங்க:

```
               x²  - 3x  + 2
              ---------------------------
x² + 0x - 2 ) x⁴ - 3x³ + 0x² + 4x + 1
              x⁴ + 0x³ - 2x²
              --------------
                 - 3x³ + 2x² + 4x
                 - 3x³ + 0x² + 6x
                 ----------------
                         2x² - 2x + 1
                         2x² + 0x - 4
                         ------------
                             - 2x + 5
```

வகுக்கிறதுல மூணு உறுப்பு இருக்கிறதால ஒவ்வொரு பெருக்கலும் மூணு நிரல நிரப்பும், ஒரு நிரலும் தாவாது. நடுவுல வர்ற `0x³`, `0x²`, `0x` எல்லாம் பாக்க வீண் வேலை மாதிரி இருக்கும், ஆனா `-2x²` ஐ ரெண்டு இடம் தள்ளி உக்கார வைக்கிறது அதுதான். கடைசியில `-2x + 5`, படி ஒண்ணு, வகுக்கிறது படி ரெண்டு, அதனால நிப்பாட்டலாம். மீதி எப்பவும் தனி எண்ணாத்தான் வரணும்னு நினைச்சு மேல மேல வகுக்கப் போகாதீங்க, படி ரெண்டால வகுத்தா மீதியில எக்ஸ் இருக்கலாம். 10 போட்டு பாருங்க, மேல 7041, வகுக்கிறது 98, ஈவு 72, பெருக்கினா 7056, மீதி -20 + 5, அதாவது -15, கூட்டினா 7041. பகுதிப் பின்னம் செய்யும்போது மேல உள்ள படி பெருசா இருந்தா முதல்ல வகுக்கணும் இல்லையா, அங்க கீழ பெரும்பாலும் `x² + 1`, `x² - 4` இப்படித்தான் இருக்கும், அதனால இந்த வகை ரொம்ப வரும்.

சுருக்கு முறைக்கு வாறேன், குணகங்கள மட்டும் வரிசையா எழுதி, முதல் எண்ண இறக்கி, பெருக்கி, கூட்டி போற முறை, `x - 2` மாதிரி வகுக்கிறதுக்கு சுகமானது. இங்க எக்ஸே எழுதுறதில்ல, முழுக்க முழுக்க இடம்தான், அதனால இங்க பூச்சியத்த எழுதாம விட்டா தப்பிக்க வழியே இல்ல. நம்ம முதல் கணக்குக்கு சரியா எழுதினா:

```
2 |  2   0   -5   -6
  |      4    8    6
  ------------------
     2   4    3    0
```

பூச்சியத்த எழுதாம விட்டா:

```
2 |  2   -5   -6
  |       4   -2
  --------------
     2   -1   -8
```

அதே 2, -1, -8. அந்தத் தங்கச்சி லோங் டிவிஷன்ல எடுத்த அதே எண்கள். இது தற்செயல் இல்ல, ரெண்டு முறையிலயும் நடந்த வேலை ஒண்ணேதான். இந்த ரெண்டாவது கட்டத்துல செய்தது பிழையான வகுத்தலும் இல்ல, `2x² - 5x - 6` ங்கிற வேற ஒரு பல்லுறுப்பிய `x - 2` ஆல சரியா வகுத்த வேலை, அதுக்கு ஈவு `2x - 1`, மீதி `-8`, ஒரு குறையும் இல்லாத விடை. கேட்காத கேள்விக்கு சரியான விடை. அதனாலதான் அவ மூணு தரம் பாத்தும் பிழை கிடைக்கல.

கடைசியில வர்ற பூச்சியமும் இதே மாதிரி. `x³ + 2x² - x` ஐ `x - 3` ஆல வகுக்கும்போது தனி எண் இல்லன்னு 1, 2, -1 மட்டும் எழுதினா 1, 5, 14 வந்து, ஈவு `x + 5` மீதி 14 ன்னு எழுதுவீங்க. 1, 2, -1, 0 ன்னு எழுதினா 1, 5, 14, 42, அதாவது ஈவு `x² + 5x + 14`, மீதி 42. இத பிடிக்க படி போதும், மேல படி மூணு, வகுக்கிறது படி ஒண்ணு, அப்ப ஈவு படி ரெண்டுலதான் தொடங்கணும், `x + 5` ன்னு தொடங்கினா ஒரு நிரல் தொலைஞ்சிருச்சு.

அன்னைக்கு போகும்போது அவளுக்கு ஒரு கணக்கு குடுத்தேன், உங்களுக்கும் அதையே குடுக்கிறேன், `x⁴ - 16` ஐ `x - 2` ஆல. எழுத முன்னாடி எத்தனை நிரல்னு எண்ணுங்க, அஞ்சு, அதுல மூணு பூச்சியம். அவ அடுத்த நாள் கொப்பிய திறந்து காட்டினப்ப மேல அஞ்சு தலைப்பு பென்சில்ல எழுதியிருந்தா, `x³ + 2x² + 4x + 8`, மீதி பூச்சியம், ஓரத்துல சின்னதா 9984 ஐ 8 ஆல வகுத்து 1248 ன்னு சோதிச்சும் இருந்தா.